வலிக்காவிட்டாலும் கழுவுங்கள்

பாறையில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று ஆராயும் ஆய்வகங்களில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கும். மற்ற அமிலங்களுக்கு அசைந்து கொடுக்காத சிலிகேட்டை அது கரைத்துவிடும். கண்ணாடியும் சிலிகேட் சேர்ந்ததுதான் என்பதால் இந்த அமிலம் பிளாஸ்டிக் புட்டியில்தான் வரும். கூடவே 16 பகுதிகள் கொண்ட ஒரு பாதுகாப்புத் தாளும் வரும். 2ஆம் பகுதி ஆபத்துகளைச் சொல்கிறது. 4ஆம் பகுதி முதலுதவியைச் சொல்கிறது. அமிலம் பட்ட பாத்திரங்களைக் கழுவும் உதவியாளர் தமிழ் மட்டுமே படிப்பவர் என்றால், இந்த இரண்டு பகுதிகளாவது தமிழில் இருந்தாக வேண்டும்.

ஆபத்து வாக்கியங்களைத் தாளைத் தயாரிப்பவர் தம் விருப்பப்படி எழுதுவதில்லை. 2003இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட உலகப் பொது வகைப்பாட்டு முறையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் எண் உண்டு. H என்ற எழுத்தோடு தொடங்கும் அந்த எண்ணுக்கு உலகெங்கும் ஒரே பொருள். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளிலும் இந்த வாக்கியங்கள் அச்சில் இருக்கின்றன. அந்தப் பட்டியல்களில் தமிழ் இல்லை. எனவே தமிழில் எழுதுபவர் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் வாக்கியத்தை அமைக்க முடியும்.

H300, H301, H302 மூன்றும் விழுங்கினால் நேரும் ஆபத்தைப் பற்றியவை. ‘உயிர் போகும்’, ‘நஞ்சு’, ‘தீங்கு’ என்று அவற்றைத் தமிழில் வரிசைப்படுத்தலாம். இவை ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்வதுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு இருக்கிறது. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை இருந்தால் முதல் சொல். 50க்கு மேல் 300 வரை இரண்டாவது. 2000 வரை மூன்றாவது. ஆகவே ஓரிடத்தில் ‘நஞ்சு’ என்றும் இன்னோரிடத்தில் ‘விஷம்’ என்றும் மாற்றி எழுதினால், படிப்பவர் இரண்டு வேறு அளவுகள் என்று எடுத்துக்கொள்வார். கட்டுரையில் அழகாக இருக்கும் சொல் மாற்றம் இங்கே பிழை. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் முதல் வரிசையில் இருக்கிறது. விழுங்கினால் மட்டுமல்ல, தோலில் பட்டாலும் மூச்சில் போனாலும் உயிர் போகும் என்று H310, H330 இரண்டும் சேர்ந்து வரும்.

அடுத்து H314. உலோகத்தை அமிலம் அரிக்கிறது என்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘தோல் அரிப்பை உண்டாக்கும்’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் சொறிந்துகொள்ளும் அரிப்பைத்தான் நினைப்பார். ‘எரிச்சல்’ என்று எழுதினால் அது H315 ஆகிவிடும்; அந்த எண் ஆறிவிடக்கூடிய பாதிப்புக்கு உரியது. ‘தீக்காயம்’ என்றால் நெருப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். H314 சொல்வது, மேல்தோலைத் தாண்டி உள்தோல் வரை சதை அழிந்துபோவதை. ஆசிட் பட்டு வெந்துபோச்சு என்று மக்கள் பேசுவதிலேயே அதற்கான சொல் இருக்கிறது. ‘தோல் வெந்து ஆழமான புண்ணாகும், கண் கெட்டுப்போகும்’ என்று எழுதினால் அளவு குறையாது.

முதலுதவிப் பகுதிக்கு வரும்போது, அமிலம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. சல்ஃப்யூரிக் அமிலம் பட்ட இடத்தில் உடனே சுடும். கை தானாகக் குழாயடிக்குப் போகும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் அப்படி அல்ல. 20 சதவீதத்துக்குக் குறைவான கரைசல் பட்டால் வலி தெரிய 24 மணி நேரம்கூட ஆகலாம். 20 முதல் 50 சதவீதம் என்றால் ஒன்றிலிருந்து எட்டு மணி நேரம். அதற்குள் ஃபுளூரைடு தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, திசுவிலும் ரத்தத்திலும் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சிறிய இடத்தில் பட்ட அடர் அமிலமே உயிருக்கு ஆபத்தாவது இதனால்தான். ‘வலி ஏற்பட்டால் கழுவவும்’ என்று தமிழ்த் தாள் சொன்னால் அது ஆளைக் கொல்லும் வாக்கியம்.

வெறும் தண்ணீரும் போதாது. வழக்கமாக அமிலம் பட்டால் 15 நிமிடமாவது கழுவச் சொல்வார்கள். இங்கே 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைவசம் இருந்தால், ஐந்து நிமிடம் கழுவியதும் அதைத் தடவத் தொடங்க வேண்டும். உடம்பின் கால்சியத்துக்குப் பதிலாக ஜெல்லில் உள்ள கால்சியம் ஃபுளூரைடைப் பிடித்துக்கொள்ளும். ஜெல் இல்லையென்றால் மருத்துவ உதவி வரும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வரிசையை எழுதும்போது தமிழ் இலக்கணம் ஒரு வேலை செய்கிறது. ‘ஆடையைக் கழற்றிவிட்டுக் கழுவவும்’ என்பது இயல்பான தமிழ். ஆனால் கழற்றி முடித்த பிறகே தண்ணீர் என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது. உண்மையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ‘தண்ணீரில் நனைந்துகொண்டே ஆடையைக் கழற்றவும்’ என்றால்தான் சரி.

விழுங்கிய நிலைக்கு வேறொரு சிக்கல். உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அரிக்கும் அமிலம் மேலே வரும்போது உணவுக்குழாயை இன்னொரு முறை வேகவைக்கும். அதனால் வாந்தியைத் தடுக்கும் வாக்கியத்தில் ஆங்கிலத் தாள் எதிர்மறைச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் அச்சிடுகிறது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. எதிர்மறையும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். பதற்றத்தில் படிப்பவர் ‘வாந்தி எடுக்க வைக்க’ என்பதோடு நிறுத்திவிட்டு வேலையில் இறங்கலாம். விலக்கை முன்னால் கொண்டுவருவதே வழி.

தோலில் பட்டால் செய்ய வேண்டியதும், விழுங்கினால் செய்யக் கூடாததும் இப்படி அமையலாம்:

1. தோலில் பட்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே ஓடும் தண்ணீரில் நிற்கவும். நனைந்துகொண்டே ஆடையைக் கழற்றவும்.
2. ஐந்து நிமிடம் கழுவியதும் கையுறை போட்டுக்கொண்டு ஜெல்லைத் தேய்க்கவும். மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் திரும்பத் திரும்பத் தடவவும்.
3. இன்னொருவர் அதற்குள் 108ஐ அழைக்கட்டும். இந்தத் தாளை மருத்துவரிடம் காட்டவும்.
4. செய்யக் கூடாதது: விழுங்கியவரை வாந்தி எடுக்க வைப்பது.

எழுதியது சரியா என்று பார்க்க, தமிழ்த் தாளை மறுபடி ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடும் முறை உண்டு. சொல் விடுபட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் ‘கழற்றிவிட்டு’ போன்ற பிழை அதில் சிக்காது. ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது வாக்கியம் சரியாகவே தெரியும். அதைப் பிடிக்க, தாளை உதவியாளர் கையில் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், வெறும் தண்ணீரை அமிலமாக வைத்துச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். எந்த வரியில் அவர் தயங்குகிறாரோ, எதை முன்பின்னாகச் செய்கிறாரோ, அந்த வரியைத் திருத்த வேண்டும்.

அப்படிச் செய்துகாட்டும்போது இரண்டாவது வரியில் அவர் பெரும்பாலும் நின்றுவிடுவார்: ஜெல் எங்கே இருக்கிறது? தயாரிப்பு நிறுவனத்தின் தாளில் அதற்குப் பதில் இருக்காது, இருக்கவும் முடியாது. எந்த அலமாரி, எந்தத் தட்டு, ஜெல் குழாயின் காலாவதித் தேதி என்ன, பக்கத்தில் எந்த மருத்துவமனையில் கால்சியம் ஊசி இருக்கிறது என்பவற்றை ஆய்வகமே விசாரித்துத் தமிழ்த் தாளில் எழுதிச் சேர்க்க வேண்டும்.