சுவரைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள்

மலைச்சாலை ஓரத்திலும் மேம்பாலம் ஏறும் இடத்திலும் மண்ணைத் தடுத்து நிற்கும் கான்கிரீட் சுவர் முன்பக்கத்தில் வழவழப்பாகத் தெரியும். உயரம் ஆறு மீட்டரைத் தாண்டினால், அதன் பின்னால் மண்ணுக்குள் முக்கோண வடிவக் குறுக்குச் சுவர்கள் வரிசையாக இருக்க வாய்ப்புண்டு. இவற்றுக்குக் கவுண்டர்ஃபோர்ட் என்று பெயர். பந்தல் கால் சாயாமல் பின்னாலிருந்து இழுத்துக் கட்டும் கயிற்றைப் போல, சுவரை அடித்தளத்தோடு பிடித்து வைப்பது இவற்றின் வேலை.

எட்டு மீட்டர் உயரச் சுவர் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் மண் 1.8 டன். சாதாரண மணற்பாங்கான மண், தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் அழுத்தும். ஆக, சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 4.8 டன் தள்ளுகிறது. கவுண்டர்ஃபோர்ட் இல்லாவிட்டால் சுவர் அடியில் மட்டுமே பிடிப்போடு நிற்கும். அங்கே ஒரு மீட்டர் அகலத்துக்கு வளைவு விசை 51 டன்-மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒரு கவுண்டர்ஃபோர்ட் வைத்தால், சுவர் பக்கவாட்டில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பலகமாகிவிடும். அடியில் ஒரு மீட்டர் உயரப் பட்டையில் வளைவு விசை 3.6 டன்-மீட்டர்தான். அதனால் பலகம் மெல்லியதாக இருந்தாலே போதும்.

இதில் கம்பியின் இடம் முக்கியம். இரு கவுண்டர்ஃபோர்ட்டுகளுக்கு நடுவே பலகம் வெளிப்பக்கம் உப்பப் பார்க்கும். அங்கே முதன்மைக் கம்பி வெளிமுகத்தில் வர வேண்டும். கவுண்டர்ஃபோர்ட்டை ஒட்டிய இடத்தில் இழுவிசை மண் பக்கம் மாறுவதால், கம்பியும் அந்தப் பக்கம் வர வேண்டும்.

விசை இத்தோடு தீர்ந்துவிடவில்லை. பலகத்தின் சுமையெல்லாம் கவுண்டர்ஃபோர்ட்டிடம்தான் வருகிறது. ஆனால் அது பலகத்துக்கு முட்டுக் கொடுக்கவில்லை, பின்னாலிருந்து இழுக்கிறது. இழுப்பைக் கான்கிரீட் தாங்காது. அடியில் ஒரு மீட்டர் உயரத்தில் இந்த இழுப்பு 4.8 × 3 = 14.4 டன், பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்காக்கினால் 21.6 டன். அதற்கு ஏறக்குறைய 600 சதுர மில்லிமீட்டர் கம்பி தேவை. பத்து மில்லிமீட்டர் கம்பியில் இரு கால் கொண்ட ரிங்குகளை 250 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் படுக்கைவாட்டில் வைத்தால் போதும். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் இடைவெளியைக் கூட்டலாம். அடித்தளத்தின் பின்பகுதியை மேலிருக்கும் மண் கீழே தள்ளுவதால், அதையும் கவுண்டர்ஃபோர்ட்டோடு கட்ட நிமிர்ந்த ரிங்குகள் வேண்டும்.

ரிங் பலகத்துக்குள் சில அங்குலம் மட்டும் நுழைந்து நின்றுவிட்டால் இழுவிசையில் உருவிக்கொள்ளும். பலகத்தின் வெளிமுகக் கம்பியைச் சுற்றி வளைந்து வந்தால்தான் பிடி கிடைக்கும். கான்கிரீட் போட்ட பிறகு இதைப் பார்க்க வழியில்லை என்பதால், கம்பி கட்டி முடித்ததும் சரிபார்க்க வேண்டிய இடம் இதுவே.

தண்ணீர் தேங்கினால் இந்தக் கணக்கு மாறிவிடும். சுவரின் பின்னால் உச்சிவரை நீர் நின்றால் அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்குப் பத்து டன்னைத் தாண்டும்; ரிங்குகள் மீதான இழுப்பும் இரு மடங்குக்கு மேல் ஆகும். கனமழைக்குப் பிறகும் வடிதுளைகள் உலர்ந்தே இருந்தால், அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவரின் முகத்தில் சீரான இடைவெளியில் நிமிர்ந்த விரிசல்களோ, பலகத்தில் உப்பலோ தென்பட்டால் பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும்.