லோன் எடுத்த ரெண்டாம் நாளே வேண்டாம்னு தோணுதா? கேன்சல் பண்ண வழி இருக்கு!

ஓசூர் சிப்காட்ல வேலை பார்க்கிற ஒரு பையனை எடுத்துக்குவோம். வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்ட் முடிச்சு, ரூமுக்கு வந்து, பைக் வாங்கணும்னு ஒரு ஆப்ல 1 லட்சம் பர்சனல் லோன் போடுறான். பத்து நிமிஷத்துல பணம் அக்கவுண்ட்ல வந்துடுது. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்கு வீட்டுக்குப் போனா, "ஏன்டா, சீட்டுப் பணம் அடுத்த மாசம் வருதே, அதுக்குள்ள என்ன அவசரம்?"னு அம்மா கேட்கிறாங்க. இப்போ அவன் என்ன செய்யலாம்?

நிறைய பேர் "லோன் வாங்கியாச்சு, இனிமே கட்டித்தான் ஆகணும்"னு விட்டுடுறாங்க. ஆனா ஆப் அல்லது ஆன்லைன் வழியா எடுக்கிற டிஜிட்டல் லோனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு வெளியேறும் வழி வெச்சிருக்கு. அதுக்குப் பேர் கூலிங்-ஆஃப் பீரியட். 2022 செப்டம்பர்ல வந்த விதிப்படி, 7 நாளோ அதுக்கு மேலயோ இருக்கிற லோனுக்கு குறைந்தது 3 நாள் கொடுக்கணும். 2025 மே மாசம் வந்த புது விதியில இந்தக் குறைந்தபட்சம் 1 நாளாகக் குறைஞ்சிடுச்சு. அதுக்கு மேல எத்தனை நாள்ங்கிறதை ஒவ்வொரு வங்கியும் என்பிஎஃப்சியும் தாங்களே முடிவு பண்ணலாம். அதனால நண்பனுக்கு 3 நாள் கிடைச்சதுன்னு உங்களுக்கும் கிடைக்கும்னு நம்பிடாதீங்க.

உங்க நாள் கணக்கு எங்கே இருக்கும்? லோனுக்கு முன்னாடி தர்ற கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்ல. சுருக்கமா கேஎஃப்எஸ். அதுல கூலிங்-ஆஃப் எத்தனை நாள், ஏபிஆர் எவ்வளவு, ப்ராசஸிங் ஃபீ எவ்வளவுன்னு இருக்கும். கம்பெனி ஆபீஸ் பெங்களூருல இருந்தாலும் பரவாயில்லை, உங்களுக்குப் புரியற மொழியில கேஎஃப்எஸ் தரணும்ங்கிறது விதி. தமிழ்ல கேளுங்க.

எவ்வளவு கட்டணும்?

நம்ம பையன் லோன்: 1,00,000 ரூபாய், 24 மாசம், வட்டி 18%. ப்ராசஸிங் ஃபீ 2%, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 2,360 பிடிச்சுட்டு, கைக்கு வந்தது 97,640. இந்த ஃபீயையும் சேர்த்துப் பார்த்தா ஏபிஆர் சுமார் 20.5% வரும். அவன் கேஎஃப்எஸ்ல கூலிங்-ஆஃப் 3 நாள்னு வெச்சுக்குவோம்.

2 நாள் கழிச்சு வெளியே வந்தா, கட்ட வேண்டியது அசல் 1,00,000, கூடவே 2 நாளைக்கான ஏபிஆர் சுமார் 112 ரூபாய். அபராதம் கிடையாது. ஆனா ப்ராசஸிங் ஃபீயை நியாயமான அளவுல அவங்க வெச்சுக்கலாம். அதை முன்கூட்டியே கேஎஃப்எஸ்ல சொல்லியிருக்கணும், அவ்வளவுதான். ஆக மொத்த நஷ்டம் சுமார் 2,472 ரூபாய். 24 மாசமும் கட்டினா? மாசம் 4,992 வீதம் கிட்டத்தட்ட 1,19,800 போகும். கைக்கு வந்ததைவிட 22,000க்கு மேல கூடுதல்.

ஒரு விஷயம் கவனிங்க: வந்தது 97,640, திருப்பிக் கட்ட வேண்டியது 1,00,112. அந்த இடைவெளி உங்க பாக்கெட்ல இருந்துதான். அதனால முடிவு பண்ற வரைக்கும் அந்தப் பணத்தைத் தொடாதீங்க.

எங்கே தப்பு நடக்குது?

கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி "லோனை க்ளோஸ் பண்ணணும்"னு சொன்னா, அவங்க ஃபோர்க்ளோஷர்னு பதிவு பண்ணிடுவாங்க. அது வேற. 4% ஃபோர்க்ளோஷர் சார்ஜ், ஜிஎஸ்டி சேர்த்துன்னா 4,720 ரூபாய் கூடுதலா போயிடும். அதனால "கூலிங்-ஆஃப் பீரியட்ல லோனிலிருந்து வெளியேறுகிறேன்"னு அதே வார்த்தையில, லோன் நம்பரோட, மெயில்ல அனுப்புங்க. நேரம் பதிவான அந்த மெயில்தான் உங்க சாட்சி. எவ்வளவு கட்டணும்னு எழுத்துல வாங்கி, கெடு முடியறதுக்குள்ள கடன் கொடுத்த நிறுவனத்தோட அக்கவுண்டுக்கே நேரா கட்டுங்க. ஏஜென்ட்டோட ஜிபே நம்பருக்கு அனுப்பவே கூடாது.

அப்புறம் நோ ட்யூஸ் சர்டிஃபிகேட் வாங்குங்க, ஆட்டோ-டெபிட் மேண்டேட்டை கேன்சல் பண்ணுங்க. இல்லைன்னா அடுத்த மாசம் 5ஆம் தேதி இஎம்ஐ எடுக்கப் பார்க்கும். ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு சிபில் ரிப்போர்ட்ல அந்த லோன் "க்ளோஸ்டு"ன்னு காட்டுதான்னும் பாருங்க.

லோனோட இன்ஷூரன்ஸும் தலையில கட்டியிருந்தா, அது தனி ஒப்பந்தம். பாலிசி கைக்கு வந்ததுல இருந்து 30 நாள் ஃப்ரீ-லுக் உண்டு. அதுக்குத் தனியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதணும்.

நிறுவனம் மறுத்தாலோ, புகார் கொடுத்து 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன்கிட்ட cms.rbi.org.in தளத்துல இலவசமா புகார் பண்ணலாம். சந்தேகம்னா 14448க்குக் கூப்பிடுங்க.

கிளைக்கு நேர்ல போய் எடுத்த லோனுக்கு இந்த உரிமை தானா வராது. அங்கே உங்க ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அதுதான். ஆப்ல எடுத்திருந்தா, இன்னைக்கே கேஎஃப்எஸ்ஸைத் திறந்து அந்த நாள் கணக்கைப் பார்த்துடுங்க.