விரலா... தெர்மாமீட்டரா? கிரில் சாப்ஸ் வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

கரி அடுப்பில் லேம்ப் சாப்ஸ் சுடும்போது பலரும் செய்வது, கத்தியால் கீறி உள்ளே நிறம் பார்ப்பது. கீறிய இடத்தில் சாறு வழிந்துவிடும். நிறமும் சரியான கணக்கைச் சொல்லாது. அதனால்தான் விரலால் அழுத்திப் பார்க்கும் முறை பிரபலமானது.

கட்டைவிரல் நுனியை ஆள்காட்டி விரலோடு சேர்த்து, கட்டைவிரலின் கீழுள்ள சதையை மறு கையால் அழுத்தினால் மெத்தென்றிருக்கும். இறைச்சியும் அப்படி இருந்தால் அரைவேக்காடு. நடுவிரல், மோதிர விரல் என மாற்ற மாற்ற சதை இறுகும். சுண்டுவிரலைத் தொடும்போது இருக்கும் இறுக்கம், முழுதாக வெந்ததற்கு அடையாளம்.

ஆனால், எல்லோர் உள்ளங்கையும் ஒன்றுபோல இருக்காதே! கொழுப்பு அதிகமுள்ள துண்டு வெந்த பிறகும் மிருதுவாகவே இருக்கும். முற்றிய ஆட்டின் கறி வேகும் முன்பே விறைப்பாக இருக்கும். தினமும் ஒரே அளவுத் துண்டுகளைச் சுடும் ஹோட்டல் சமையல்காரருக்கு விரல் பொய் சொல்லாது. எப்போதாவது சுடுபவருக்குத் தெர்மாமீட்டரே துணை.

அதையும் சரியாகக் குத்த வேண்டும். மேலிருந்து அல்ல, பக்கவாட்டில் நுழைத்து, முனை துண்டின் நடுவில் நிற்க வேண்டும். எலும்பில் பட்டால் தவறான அளவு காட்டும். கருவியையே சந்தேகமா? ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்தால் 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

3 செ.மீ. கனமுள்ள சாப்ஸை எடுத்துக்கொள்வோம். நல்ல தணலில் பக்கத்துக்கு 3, 4 நிமிடங்கள் சிவக்கவிட்டு, தணல் குறைந்த ஓரத்துக்குத் தள்ளி அளக்கலாம். 60 டிகிரி காட்டினால் இறக்கிவிட வேண்டியதுதான். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு 63 டிகிரி ஆயிற்றே என்று கேட்கலாம். மேல்பகுதியின் சூடு உள்ளே இறங்குவதால், தட்டில் இருக்கும் 5 நிமிடங்களில் மீதி 3 டிகிரி தானாக ஏறும். ஏறாவிட்டால், மீண்டும் அடுப்பில் வைக்கலாம். 63-ஐத் தொட்ட பிறகும் குறைந்தது 3 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும் என்கிறது அதே விதி. ஸ்டேக்குக்கும் இதே கணக்குதான்.

இந்த நேரத்தில் சாறும் சற்றுக் கெட்டியாகி, வெட்டும்போது தட்டில் ஓடாமல் கறியிலேயே தங்கும். அலுமினிய ஃபாயிலை மேலே லேசாகப் போர்த்தினால் போதும். இறுக்கிச் சுற்றினால் ஆவியில் மொறுமொறுப்பு போய்விடும்.

விரல் கைகொடுக்கும் இடமும் உண்டு. 1 செ.மீ. மெல்லிய துண்டில் தெர்மாமீட்டர் முனையை நடுவில் நிறுத்துவது கடினம். அழுத்தினால் உடனே எழும்பி வரும் நிலையில் எடுத்துவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை... கொத்துக்கறியில் செய்தவற்றுக்கு 63 டிகிரி போதாது. மேற்பரப்பில் இருக்கும் கிருமிகள் அரைக்கும்போது உள்ளேயும் கலந்துவிடும் என்பதால், அதற்கு 71 டிகிரி அவசியம்.