பெருக்கிப் பார்த்தால் பிழை தெரியும், ஒன்றைத் தவிர

பிளஸ் டூ மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுக்கணக்கு பல நேரம் படமாகத்தான் வரும். கரும்பலகையையோ நோட்டையோ யாராவது செல்போனில் எடுத்து அனுப்பியிருப்பார்கள். மூன்று நிரை, மூன்று நிரல் கொண்ட ஓர் அணி; அதன் அணிக்கோவையும் நேர்மாறும் காண வேண்டும்.

கணக்கைத் தொடங்கும் முன்பே தவறு நுழையக்கூடிய இடம் அந்தப் படம்தான். கோடு போட்ட நோட்டில் கழித்தல் குறி அச்சுக்கோட்டின் மேலேயே விழுந்து மறைந்துவிடும். 1 எது, 7 எது என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள 2, −1 என்ற இரண்டு உறுப்புகள் நெருங்கி நின்றால் 2−1 என்று படிக்கத் தோன்றும். நிரைக்கு மூன்று எண்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் கடைசித் தவறு மாட்டிக்கொள்ளும். மற்றவற்றுக்குப் படத்தைப் பெரிதாக்கி நிரை நிரையாகப் படிப்பதுதான் வழி.

படத்தில் இருப்பது இந்த அணி என்று வைத்துக்கொள்வோம்:

```
     2  -1   3
A =  1   1   0
     4   0   5
```

அணிக்கோவை காண, முதல் நிரையைப் பிடித்துக்கொள்ளலாம். ஓர் எண்ணைத் தொட்டதும் அது இருக்கும் நிரையையும் நிரலையும் மறைத்துவிட வேண்டும். மிஞ்சும் நான்கு எண்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழிக்க வேண்டும். 2-ஐத் தொட்டால் மிஞ்சுவது 1×5 − 0×0 = 5. −1-க்கு 1×5 − 0×4 = 5. 3-க்கு 1×0 − 1×4 = −4. நடு எண்ணுக்கு மட்டும் குறியை மாற்ற வேண்டும்:

```
|A| = 2(5) - (-1)(5) + 3(-4) = 10 + 5 - 12 = 3
```

விடை பூச்சியமாக வந்திருந்தால் வேலை இங்கேயே முடிந்திருக்கும்; அப்படிப்பட்ட அணிக்கு நேர்மாறு கிடையாது. வந்தது 3 என்பதால் மேலே போகலாம்.

ஒன்பது இடங்களுக்கும் இதே போல மறைத்துக் கணக்கிட்டு, கூட்டல், கழித்தல், கூட்டல் என்று குறிகளை மாற்றி மாற்றிப் போட்டால் இணைக்காரணிகள் கிடைக்கும். இரண்டாம் நிரை கழித்தலில் தொடங்கும். மூன்றாவது மீண்டும் கூட்டலில். முதல் நிரைக்கு 5, −5, −4. இரண்டாவதற்கு 5, −2, −4. மூன்றாவதற்கு −3, 3, 3. இவற்றை நிரலாகத் திருப்பி எழுதினால் சேர்ப்பு அணி:

```
          5   5  -3
adj A =  -5  -2   3
         -4  -4   3
```

இதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் 3-ஆல் வகுத்தால் அதுவே நேர்மாறு. ஆனால் சரிபார்ப்பதை வகுக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. பின்னங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். A-ஐயும் சேர்ப்பு அணியையும் பெருக்கினால் மூலைவிட்டத்தில் அணிக்கோவையும் மற்ற இடங்களில் பூச்சியமும் வர வேண்டும். முதல் நிரையை முதல் நிரலோடு பெருக்கினால் 10 + 5 − 12 = 3. இரண்டாம் நிரலோடு 10 + 2 − 12 = 0. மூன்றாவதோடு −6 − 3 + 9 = 0. மற்ற இரண்டு நிரைகளையும் இப்படியே பார்த்தால் 0, 3, 0 என்றும் 0, 0, 3 என்றும் வரும். 3-ஆல் வகுத்தால் அலகு அணி.

தவறு செய்திருந்தால், அது எங்கே என்பதையும் இந்தப் பெருக்கல் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் நிரையின் முதல் இணைக்காரணிக்குக் குறி மாற்ற மறந்து 5-க்குப் பதில் −5 என்று எழுதிவிட்டால், பெருக்கலின் இரண்டாம் நிரல் −20, −7, −40 என்று கெட்டுப்போகும். மற்ற இரண்டும் அப்படியே சரியாக இருக்கும். எந்த நிரல் கெட்டதோ, A-இல் அதே எண்ணுள்ள நிரையின் இணைக்காரணிகளை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். திருப்பி எழுத மறந்திருந்தால் முதல் இடத்திலேயே 3-க்குப் பதில் −4 வந்து நிற்கும்.

பெருக்கலால் பிடிக்கவே முடியாத பிழை ஒன்று உண்டு. படத்தில் இருந்த −1-ஐ 1 என்று படித்திருந்தால் அணிக்கோவை 10 − 5 − 12 = −7 ஆகிவிடும். அந்தத் தவறான அணிக்குச் சரியான நேர்மாறைக் கண்டுபிடித்துப் பெருக்கினாலும் அலகு அணி அழகாக வந்து நிற்கும். பெருக்கல் சொல்வது, எழுதிக்கொண்ட அணிக்கு விடை சரி என்பதை மட்டுமே. எனவே சரிபார்க்கும்போது பெருக்க வேண்டிய A-ஐ நோட்டிலிருந்து எடுக்காமல், படத்தைத் திறந்து அதிலிருந்தே ஒவ்வோர் எண்ணாகப் புதிதாகப் படித்துப் பெருக்க வேண்டும். முதல்முறை தவறாகப் படித்த எண்ணை இரண்டாம் முறை சரியாகப் படித்தால், பெருக்கலில் பூச்சியம் வர வேண்டிய இடத்தில் வேறு எண் வந்து தவறைச் சொல்லிவிடும்.