ஐந்து மீட்டர் என்றால் ஐந்து மீட்டரா?

மகளிர் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்தில், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை, ட்ரோன் வாங்க உதவும் மத்திய அரசின் 'நமோ ட்ரோன் தீதி' திட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும்தான் என்று அறிவிக்கப்பட்டது. இதையொட்டி வாசகர் கடிதங்கள் குவிகின்றன. மானியம், விண்ணப்பம் பற்றி வேளாண் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து நெல் விவசாயிகள் கேட்பது வேறு: "ட்ரோன் அடித்த வயலில் பூச்சி கோடு கோடாக மிஞ்சுகிறதே, மருந்து போலியா?"

மருந்து நல்லதாகவே இருக்கலாம். கோளாறு பெரும்பாலும் தெளிப்பு அகலத்தில் இருக்கிறது.

தெளிப்பு அகலம் 5 மீட்டர் என்று விற்பனைத் தாளில் அச்சிட்டிருப்பார்கள். துளி போய் விழும் தூரம் அது. மருந்து போதுமான அளவு விழும் தூரம் அல்ல. ட்ரோனுக்கு நேர் கீழே துளிகள் அடர்த்தியாக விழும், ஓரம் போகப் போகக் குறையும். நடுவில் விழுவதில் பாதி அளவு எந்த இடத்தில் விழுகிறதோ, அதுதான் உண்மையான எல்லை. ஓட்டு வீட்டில் ஓடுமேல் ஓடு ஏறி நிற்பதுபோல, ஒரு வரிசையின் பாதியும் அடுத்த வரிசையின் பாதியும் அங்கே சேர்ந்து முழு அளவாகும். ஓரத்தில் குறைவதை வைத்தே வயல் முழுக்கச் சமமாக்குகிற இந்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. வரிசை இடைவெளியைத் தப்பாக வைத்தால் அதே ஏற்பாடு காலை வாரிவிடும்.

40 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம் உள்ள வயலை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒரு ஏக்கர். பாதி அளவு விழும் இடம் நடுவிலிருந்து இருபுறமும் 2 மீட்டரில் இருந்தால் வரிசைகளுக்கு இடையே 4 மீட்டர்தான் விடவேண்டும்: பத்து வரிசை. தாளை நம்பி 5 மீட்டர் விட்டால் எட்டு வரிசையில் வேலை முடியும். ஆனால் இரண்டு வரிசைக்கு நடுவே இருபக்கமிருந்தும் கால்வாசி கால்வாசியாக விழுந்தால், அங்கே சேர்வது பாதி மருந்துதான். இலைச்சுருட்டுப் புழுவின் வெள்ளைக் கீற்று ஐந்து மீட்டருக்கு ஒருமுறை தெரிவது இதனால்தான். செயல்விளக்க மேடைகளில் சொல்லும் 'ஏக்கருக்கு ஏழு நிமிடம்' எத்தனை மீட்டர் இடைவெளியில் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். இடைவெளியைக் குறைத்தால் பம்பையும் குறைக்கவேண்டும். ஏக்கருக்கு 10 லிட்டர், நொடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால், 5 மீட்டர் இடைவெளிக்கு நிமிடத்துக்கு 3.75 லிட்டர், 4 மீட்டருக்கு 3 லிட்டர். மறந்தால் மருந்து கூடிவிடும். கைத்தெளிப்பானில் 200 லிட்டரில் கலக்கும் மருந்து இங்கே 10 லிட்டரில் இருப்பதால் ஒவ்வொரு துளியும் காட்டம்.

சோதிப்பது சுலபம். தண்ணீர் பட்டால் நீலமாகும் மஞ்சள் சோதனைத் தாள்களைப் பயிர் உயரத்தில் அரை மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே வைத்து, வெறும் தண்ணீரை நிரப்பி ஒருமுறை பறக்கவிட்டால் போதும். புள்ளிகள் எங்கே பாதியாகின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். உயரம் மாறினால் அகலமும் மாறும். பக்கக் காற்று அடித்தால் வரிசை மொத்தமும் நகர்ந்துவிடும்.

அடுத்தது கம்பி. போர்வெல் மோட்டாருக்குப் போகும் தொய்ந்த லைன், கம்பத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஸ்டே கம்பி, பக்கத்து லே-அவுட்டின் விளக்குக் கம்பம் என்று நம் வயல்களில் இவற்றுக்குக் குறைவில்லை. மெல்லிய கம்பி சென்சார் கண்ணுக்குத் தப்பிவிடும். தெளிக்கும்போது பயிருக்கு மேல் இரண்டு மீட்டரில் போகும் ட்ரோன் பெரும்பாலும் தப்பிக்கும். ஆபத்து, பேட்டரி குறைந்து தானாகத் திரும்பும்போது. முன்பே அமைத்த உயரத்துக்கு நிமிர்ந்து ஏறி, நேர்கோட்டில் புறப்பட்ட இடத்தைப் பார்த்து வரும். அந்த உயரம் சுற்றியுள்ள கம்பிகளைவிடக் குறைவென்றால் முடிந்தது கதை.

ஆள் ஓட்டும் விமானத்தில் இதே வேலை இன்னும் கொடுமை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நம் 100 மீட்டர் வயல் இரண்டரை நொடியில் கடந்துவிடும். முடிவில் மருந்துப் பாரத்தோடு மேலே இழுத்து, திருப்பி, மறுபடி பயிரைத் தொடும் உயரத்துக்கு இறங்கவேண்டும். நாள் முழுக்க இதே சுற்று. கம்பி கண்ணுக்குத் தெரியாது என்பதால் பைலட் கம்பத்தைத்தான் தேடுகிறார். ஆஸ்திரேலிய விபத்து ஆய்வுகளில் ஒரு விஷயம் உறுத்துகிறது: கம்பியில் மோதியவர்களில் பலருக்கு அந்தக் கம்பி அங்கே இருப்பது முன்பே தெரியும்.

உயரே பறந்தால் ஆபத்து குறையாதா? குறையும், ஆனால் மருந்து பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகும். காசர்கோட்டின் மேடுபள்ள முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்ததன் வினையை இன்னும் அனுபவிக்கிறார்கள்.

மறுபடி ட்ரோனுக்கு வருவோம். எந்தப் பக்கம் தொடங்கவேண்டும்? காற்று போய்ச் சேரும் ஓரத்தில். அப்போதுதான் அடித்த மருந்துக்குள்ளேயே திரும்பப் பறக்க நேராது.

உரிமம் வேண்டுமா? வேண்டும், பத்தாம் வகுப்பு தேர்ச்சியும் அங்கீகாரம் பெற்ற பயிற்சியும் இருந்தால்தான் ரிமோட் பைலட் சான்றிதழ் கிடைக்கும்.

வாடகைக்கு எடுக்கிறவர் என்ன கேட்கவேண்டும்? வரிசை இடைவெளி எத்தனை மீட்டர், திரும்பும் உயரம் எத்தனை மீட்டர்.