அஃபெக்டா, எஃபெக்டா?

ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதம் எழுதும் பலருக்கும் கை தயங்கும் இடம் ஒன்று உண்டு. மழையால் பணிகள் பாதிக்கப்பட்டன என்று எழுத வேண்டும். 'ஏ' போட்டு அஃபெக்ட் என்பதா, 'ஈ' போட்டு எஃபெக்ட் என்பதா? கணினியின் பிழைதிருத்தியை இங்கே முழுதாக நம்ப முடியாது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், இடம் மாறி விழுந்தாலும் சிவப்புக் கோடு வராமலே போகலாம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். இரு சொற்களிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. அதனால் வேகமான பேச்சில் முதல் அசை தேய்ந்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். பிறப்பிலும் இவை உறவுதான். 'செய்' என்று பொருள்படும் லத்தீன் வினையின் முன்னால் 'நோக்கி' என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்து வந்தது அஃபெக்ட். 'வெளியே' என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்து வந்தது எஃபெக்ட். ஒன்றின்மேல் போய்ச் செயல்படுவது முதல் சொல், செயலிலிருந்து வெளியே வருவது இரண்டாவது.

ஆகவே அஃபெக்ட் பெரும்பாலும் வினைச்சொல், எஃபெக்ட் பெரும்பாலும் பெயர்ச்சொல். இதை மனத்தில் நிறுத்த ஆங்கிலத்தில் 'ரேவன்' என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். அண்டங்காக்கையைக் குறிக்கும் அந்தச் சொல்லின் ஐந்து எழுத்துகளும் வரிசையாக 'ரிமெம்பர், அஃபெக்ட் வெர்ப், எஃபெக்ட் நவுன்' என்று விரியும்.

தமிழ் அறிந்தவர்களிடம் இதைவிடக் கைக்கு அடக்கமான சோதனை இருக்கிறது. எழுதப்போகும் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். 'பாதித்தது', 'பாதிக்கும்' என்று வினை வந்தால் 'ஏ'. 'பாதிப்பு', 'விளைவு', 'தாக்கம்' என்று பெயர் வந்தால் 'ஈ'.

ஆனால் தமிழில் ஒரே கருத்தை இரண்டு விதமாகவும் சொல்லலாம். "மழை விற்பனையைப் பாதித்தது" என்றாலும், "மழை விற்பனையில் பாதிப்பை ஏற்படுத்தியது" என்றாலும் பொருள் ஒன்றுதான். எனவே ஆங்கில வாக்கியத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு முன்னால் 'த', 'ஆன்', 'நோ', 'எனி' போன்ற சொல் நின்றால், வர வேண்டியது பெயர்ச்சொல், 'ஈ'தான். 'ஹேட் ஆன் எஃபெக்ட் ஆன்' என்பது அப்படி வருவது. 'சைடு எஃபெக்ட்', 'வித் இமீடியட் எஃபெக்ட்' ஆகியவற்றிலும் அதே 'ஈ'தான்.

விதிவிலக்கு இரண்டு. உளவியலில் ஒருவரின் உணர்ச்சி வெளிப்பாட்டை அஃபெக்ட் என்ற பெயர்ச்சொல்லால் குறிப்பார்கள். அப்போது அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும். மருத்துவக் குறிப்புகளுக்கு வெளியே இதைக் காண்பது அரிது.

அலுவலகத்தில் இடறுவது மற்றதுதான். எஃபெக்ட் வினையாக வரும்போது 'நிகழச் செய்', 'கொண்டுவா' என்று பொருள். புதிய மேலாளர் சில மாற்றங்களைக் கொண்டுவந்தார் என்றால் 'எஃபெக்டட் சேஞ்சஸ்'. அங்கே 'ஏ' போட்டுவிட்டால், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மாற்றங்களை அவர் பாதித்தார் என்று பொருள் தலைகீழாகப் போய்விடும். வங்கிக் கடிதங்களில் பணப் பரிமாற்றத்தை நிறைவேற்றுவதைச் சொல்லவும் இந்த வினையே வரும்.

வினையா பெயரா என்று பார்க்கும் இதே பழக்கம் 'அட்வைஸ்' என்ற சொல்லுக்கும் உதவும். அறிவுரை என்ற பெயருக்குக் கடைசியில் 'சி', அறிவுரை கூறுவதற்கு 'எஸ்'. இங்கே ஒலியும் மாறும். வினையின் முடிவில் வண்டு ரீங்கரிப்பது போன்ற அதிர்வு கேட்கும். 'பிராக்டிஸ்' இரண்டிலும் ஒரே ஒலிதான். ஆனால் இந்தியாவில் நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்' என்ற விதி அதற்கும் உண்டு. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'அட்வைஸ்' சொல்லைப் போட்டு வாய்விட்டுச் சொன்னால், எந்த எழுத்து என்பதைக் காது காட்டிக்கொடுக்கும்.

இனி பயிற்சி. ஒரு நிறுவனம் ஊழியர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கை இது. நான்கு இடங்களிலும் எந்தச் சொல் வரும் என்று விடையைப் பார்க்காமல் முடிவு செய்யலாம்.

1. வெள்ளம் நம் கிளையைப் பாதித்துள்ளது.
2. புதிய வேலை நேரம் திங்கள் முதல் நடைமுறைக்கு வருகிறது.
3. இதனால் சம்பளத்தில் எந்தப் பாதிப்பும் இராது.
4. நிர்வாகம் மேலும் சில மாற்றங்களைக் கொண்டுவரும்.

முதலாவதில் வினை, ஆகவே 'ஏ'. இரண்டாவதில் 'கம்ஸ் இன்டு' என்பதற்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வர முடியும்; 'ஈ'. மூன்றாவதில் 'நோ' என்ற சொல் முன்னால் நிற்பதால் அதுவும் 'ஈ'. நான்காவதில் வினைதான் வருகிறது என்றாலும், மாற்றங்கள் பாதிக்கப்படவில்லை, உண்டாக்கப்படுகின்றன. அங்கேயும் 'ஈ'.