99 சதவீதம் துல்லியம்: தேர்வாளர் என்ன கேட்பார்?

நெட்வொர்க்கில் ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், கணினிப் பாதுகாப்பில் மாணவர்கள் அடிக்கடி எடுக்கும் ப்ராஜெக்ட். ‘துல்லியம் 99 சதவீதம்’ என்று ஆய்வேட்டில் எழுதியிருப்பார்கள். வைவாவில் தேர்வாளர் முதலில் கைவைப்பது அந்த எண்ணில்தான்.

“பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை எப்படிப் பிரித்தீர்கள்?” என்று கேட்பார். கேட்கக் காரணம் இருக்கிறது. இத்துறையில் நெடுங்காலம் பயன்பட்ட டேட்டாசெட் ‘கேடிடி கப் 99’. அதன் பயிற்சிப் பதிவுகளில் சுமார் 78 சதவீதமும், சோதனைப் பதிவுகளில் சுமார் 75 சதவீதமும் நகல்கள் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்படிப்பட்ட தரவைக் கலைத்துப் பிரித்தால் ஒரே பதிவு இரு பக்கமும் போய்விடும். படித்த வினாத்தாளையே தேர்வில் கொடுத்தது போலாகும். நகல்களை நீக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். மதிப்பெண் சட்டென்று சரிந்தால், மென்பொருள் கற்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறது.

அடுத்த கேள்வி: “ஒரு நாளில் எத்தனை எச்சரிக்கை வரும்?” கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினமும் 10 லட்சம் இணைப்புகள், அவற்றில் 100 தாக்குதல்கள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் தாக்குதல்களில் 99 சதவீதத்தைப் பிடிக்கிறது. சாதாரண இணைப்புகளில் 1 சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. அப்படியானால் உண்மையான எச்சரிக்கைகள் 99, பொய்யானவை 9,999. ஏறக்குறைய நூறு எச்சரிக்கைகளில் ஒன்றுதான் நிஜம். காவலுக்கு உட்கார்ந்திருப்பவர் இரண்டே நாளில் திரையைப் பார்ப்பதை விட்டுவிடுவார். இன்னொன்றும் உண்டு: இந்த நெட்வொர்க்கில் எல்லாவற்றையும் ‘சாதாரணம்’ என்று சொல்லும் மென்பொருளுக்கும் துல்லியம் 99.99 சதவீதம் வரும்! அதனால் எத்தனை தாக்குதல் தப்பியது, எத்தனை பொய் எச்சரிக்கை வந்தது என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது: “வேறொரு நெட்வொர்க்கில் இது ஓடுமா?” கேடிடி கப் 99க்கு அடிப்படை, அமெரிக்க விமானப்படையின் நெட்வொர்க்கைப் போல ஆய்வகத்தில் 1998இல் உருவாக்கிய போக்குவரத்து. இன்றைய மருத்துவமனைக்கோ வங்கிக்கோ அந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல ஆதாரம் கிடையாது.

இந்தக் கேள்விகளுக்கு ‘வருங்காலத்தில் செய்வோம்’ என்பது பதிலாகாது. குறை என்ன, அது முடிவை உயர்த்திக் காட்டுமா தாழ்த்திக் காட்டுமா, அதைக் குறைக்க என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகும் எதை உறுதியாகச் சொல்ல முடியும் என்று வரிசையாகச் சொல்லுங்கள். “நகல் நீக்கிய பின், இந்தத் தரவில், இந்த வகைத் தாக்குதல்களை இவ்வளவு பிடிக்கிறது, வேறு நெட்வொர்க்கில் சோதிக்கவில்லை” என்ற விடை போதும். எல்லையைக் குறித்துவிட்டுச் சொல்லும் சிறிய முடிவு தேர்வாளர் முன் நிற்கும். எல்லை இல்லாத 99 சதவீதம் நிற்காது.